இரண்டாவது சாய்ஸ் யாருக்கு? டாக்டர்களுக்கு ஜோடி சேர்த்த ஒரு கணக்கின் கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

போன பிப்ரவரி கடைசியில, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஜூனியர் போன் பண்ணினாங்க. நம்ம ஊர்ல எம்பிபிஎஸ் முடிச்சு, அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு விண்ணப்பிச்சவங்க. இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சாச்சு. ரேங்க் லிஸ்ட் கொடுக்க இன்னும் மூணு நாள்தான்.

"சார், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் பெரிய இடம். கிடைக்கிறது கஷ்டம். ரெண்டாவதா பிடிச்ச இடத்துல என்னை நல்லா விசாரிச்சாங்க, நிச்சயம் எடுப்பாங்கன்னு தோணுது. பெரிய இடத்தை முதல்ல எழுதினா, இவங்க கைவிட்டுப் போயிடுமா? பேசாம இவங்களையே முதல்ல எழுதிடட்டுமா?"

"எழுதாதே. மனசுல இருக்கிற வரிசையை அப்படியே எழுது"ன்னு சொன்னேன். அவங்களுக்கு நம்பிக்கை வரலை. எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க சார், ஆனா ஏன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்கன்னாங்க. நியாயமான கேள்வி. அன்னிக்கு அவங்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவா எழுதறேன்.

முதலில் அந்தக் காலத்து நிலவரம்.

அமெரிக்காவில் 1900களின் தொடக்கத்திலேயே, படிப்பு முடித்ததும் ஏதாவது ஒரு மருத்துவமனையில் இன்டர்னாக இருப்பது வழக்கமாகிவிட்டது. மருத்துவமனைகளுக்கு இன்டர்ன் என்றால் குறைந்த செலவில் ராத்திரி பகலாக உழைக்கிற ஆள். (இதில் இன்றைக்கும் பெரிய மாற்றம் இல்லை என்று சொல்கிறவர்கள் கை தூக்கலாம்.) ஆனால் இடங்கள் அதிகம், மாணவர்கள் குறைவு. அதனால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே நல்ல மாணவரைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஓட்டம் ஆரம்பித்தது. ஒருத்தர் ஒரு மாசம் முந்தினால் அடுத்தவர் இரண்டு மாசம் முந்துவார். 1944 வாக்கில், படிப்பு முடிய இன்னும் ஏறக்குறைய இரண்டு வருஷம் இருக்கும்போதே இடம் பேசி முடித்தார்கள். அதாவது அந்த மாணவர் வார்டுக்குள் ஒழுங்காக நுழைவதற்கு முன்னாலேயே அவர் எங்கே வேலை பார்க்கப் போகிறார் என்று முடிவாகிவிடும்.

1945இல் மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தன. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் மாணவரின் மார்க்கையோ சிபாரிசுக் கடிதத்தையோ யாருக்கும் தருவதில்லை. தேதி முந்துவது நின்றது. உடனே வேறொரு தலைவலி வந்தது.

ஒரு மாணவருக்கு மூன்றாவதாகப் பிடித்த ஆஸ்பத்திரி இடம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஆஸ்பத்திரி "வெயிட்டிங் லிஸ்ட்" என்கிறது. அவர் என்ன செய்வார்? மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி நிமிஷம் வரை இழுப்பார். கடைசியில் அவர் வேண்டாம் என்று சொல்லும்போது அந்த ஆஸ்பத்திரியின் அடுத்த தேர்வு வேறு எங்கேயோ சேர்ந்திருப்பார். அதனால் ஆஸ்பத்திரிகள் யோசிக்கக் கொடுக்கும் நேரத்தைக் குறைத்தன. 1945இல் பத்து நாள். 1946இல் எட்டு நாள். 1949இல் பன்னிரண்டு மணி நேரம் என்று ஒரு யோசனை வந்தது: நவம்பர் 15, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷத்தில் தந்தி போகும், மத்தியானம் பன்னிரண்டுக்குள் பதில் வேண்டும். மருத்துவமனைகளின் சங்கம் அதற்கே ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு நேரம் எதற்கு என்று! அடுத்த வருஷம் வந்த விதியில், அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தந்திக்குப் பின்னாலேயே போன் போட்டு மாணவரை நெருக்கக் கூடாது என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதினார்கள் என்றால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கடைசியில், யாரும் யாரையும் துரத்த வேண்டாம், இரண்டு பக்கமும் வரிசைப் பட்டியல் கொடுங்கள், ஒரு மையத்தில் உட்கார்ந்து ஜோடி சேர்த்துவிடலாம் என்று முடிவானது. அதற்காக முதலில் போட்ட திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. மாணவர் ஆஸ்பத்திரியை முதலாவதாகவும், ஆஸ்பத்திரி மாணவரை முதல் தரமாகவும் எழுதியிருந்தால் அந்த ஜோடி உடனே முடிவு. பிறகு அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டாத ஆஸ்பத்திரியை முதலில் எழுதிய மாணவர், அதை எழுதிய ஒரே குற்றத்துக்காக, தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய இரண்டாவது இடத்தையும் இழக்கலாம். அவர் முதல் சுற்றில் தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த இரண்டாவது இடம் நிரம்பிவிடும்.

கவனிச்சீங்களா? என் ஜூனியரோட பயம் இதேதான். 1951இல் அந்தப் பயம் முழுக்க நியாயமானது.

அதைக் கண்டுபிடித்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல, மாணவர்கள். ஹார்வர்டு மருத்துவ மாணவர் ஹார்டி ஹென்ட்ரன் தலைமையில் ஒரு குழு 1951 அக்டோபரில் திரண்டது. இந்த முறை வேண்டாம், பாஸ்டன் பக்கம் ஏற்கெனவே இருக்கும் வேறொரு முறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று போராடி, மாற்றவும் வைத்தார்கள். 1952இல் முதல் மேட்ச் நடந்தது. கட்டாயம் எதுவும் இல்லை. ஆனாலும் ஆரம்ப வருஷங்களிலேயே தகுதியுள்ள மாணவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தார்கள். ஹென்ட்ரன் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார். பீடியாட்ரிக் சர்ஜரி பசங்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், இந்தக் கதை தெரிந்திருக்காது.

இப்போ கணக்குக்கு வருவோம்.

பத்து வருஷம் கழித்து, 1962இல், டேவிட் கேல், லாய்டு ஷாப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் ஏழு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார்கள். கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியது. ஆனால் எளிமைக்காகக் கல்யாணத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், ஒவ்வொருவர் மனதிலும் ஒரு வரிசை. எல்லோருக்கும் ஜோடி சேர்த்த பிறகு, தனக்கு வாய்த்தவரை விட ஒருவரையொருவர் அதிகம் விரும்புகிற ஒரு ஆணும் பெண்ணும் எங்கேயும் மீதி இருக்கக் கூடாது. இருந்தால் அவர்கள் இரண்டு பேரும் ஓடிப்போவார்கள், இரண்டு குடும்பம் கலையும். அப்படி யாரும் ஓடிப்போகக் காரணமில்லாத ஏற்பாட்டுக்கு 'ஸ்டேபிள்', அதாவது நிலையானது என்று பெயர். இதற்கு எப்போதுமே விடை உண்டு என்று அவர்கள் நிரூபித்தார்கள். வழியும் சொன்னார்கள்: ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே போகும். மறுபக்கம் வந்ததில் சிறந்ததை "பார்க்கலாம்" என்று கையில் வைத்துக்கொண்டு மற்றதை நிராகரிக்கும். கடைசிவரை யாருக்கும் 'சரி' என்று முடிவாகச் சொல்லாது.

கையால் போட்டுப் பார்ப்போம். மூன்று மாணவர்கள், மூன்று ஆஸ்பத்திரிகள், ஒவ்வொன்றிலும் ஒரே இடம். எல்லாம் கற்பனைப் பெயர்.

மேரியின் வரிசை: மலை, ஆறு, கடல். ஜானின் வரிசை: ஆறு, மலை, கடல். டேவிடின் வரிசை: மலை, கடல், ஆறு.

மலை ஆஸ்பத்திரிக்கு முதலில் ஜான், பிறகு மேரி, பிறகு டேவிட். ஆறு ஆஸ்பத்திரிக்கும் கடல் ஆஸ்பத்திரிக்கும் மேரி, ஜான், டேவிட் என்ற வரிசை.

மாணவர்கள் கேட்கட்டும். மேரி மலையைக் கேட்கிறாள், ஜான் ஆற்றைக் கேட்கிறான், டேவிடும் மலையைக் கேட்கிறான். மலை மேரியை வைத்துக்கொண்டு டேவிடை நிராகரிக்கிறது. டேவிட் தன் இரண்டாவதான கடலுக்குப் போகிறான், அங்கே காலி, கிடைக்கிறது. முடிந்தது. மேரிக்கு மலை, ஜானுக்கு ஆறு, டேவிடுக்குக் கடல்.

டேவிடுக்கு மட்டும் இரண்டாவது சாய்ஸ். யாராவது அவனுக்கு அநியாயம் செய்தார்களா? இல்லை. அவன் மலைக்குப் போக வேண்டுமானால் மேரியை வெளியே தள்ள வேண்டும். ஆனால் மலைக்கு அவனை விட மேரியைத்தான் பிடிக்கும், மேரிக்கும் மலைதான் முதல். தள்ளினாலும் அந்த இரண்டு பேரும் பேசி மறுபடி சேர்ந்துகொள்வார்கள்.

இப்போ அதே பட்டியலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிகள் கேட்கட்டும். மலை ஜானைக் கேட்கிறது. ஆறும் கடலும் மேரியைக் கேட்கின்றன. மேரி ஆற்றை வைத்துக்கொண்டு கடலை நிராகரிக்கிறாள். கடல் ஜானிடம் போகிறது. அவன் கையில் மலை இருக்கிறது, வேண்டாம் என்கிறான். கடல் டேவிடிடம் போகிறது, அவன் சரி என்கிறான். மேரிக்கு ஆறு, ஜானுக்கு மலை, டேவிடுக்குக் கடல்.

இதுவும் நிலையானதுதான், சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது மேரிக்கும் ஜானுக்கும் கூட இரண்டாவது சாய்ஸ்தான். மலைக்கும் ஆற்றுக்கும் முதல் சாய்ஸ். முந்தைய ஏற்பாட்டில் இது தலைகீழ். ஒரு பட்டியலுக்கு நிலையான விடைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால், கேட்கிற பக்கத்துக்கு அவற்றில் மிகச் சிறந்தது போகும், பதில் சொல்கிற பக்கத்துக்கு மிக மோசமானது வரும். கட்டுரையைப் படிக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான். ஓட்டு எண்ணுகிற மாதிரி நடுநிலையான வேலை என்று நினைத்தால், யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள் என்பதில் பாதி முடிவு ஒளிந்திருக்கிறது.

டேவிடைப் பாருங்கள். எந்தப் பக்கம் கேட்டாலும் அவனுக்குக் கடல்தான்.

சரி, 1952 முதல் நடந்த மேட்சில் யார் கேட்டார்கள்?

மாணவர்கள் போராடி வாங்கிய முறைதானே, மாணவர்கள்தான் என்று நினைப்போம். 1984இல் ஆல்வின் ராத் என்ற பொருளாதார அறிஞர் அந்தப் பழைய விதிகளை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார். அது கேல்-ஷாப்லி வழியேதான், அவர்கள் எழுதுவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று காட்டினார். கேட்கிற பக்கம்? ஆஸ்பத்திரி.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் உதாரணத்தில் ஆஸ்பத்திரிகள் கேட்கும்போது மேரி ஒரு பொய் சொல்கிறாள் என்று வையுங்கள். மலை, ஆறு, கடல் என்பதற்குப் பதிலாக மலை, கடல், ஆறு என்று எழுதித் தருகிறாள். ஆறும் கடலும் கேட்டு வரும்போது, பொய்ப் பட்டியலின்படி கடலை வைத்துக்கொண்டு ஆறு நிராகரிக்கப்படும். ஆறு ஜானிடம் போகும். ஜானுக்கு ஆறுதானே முதல், அவன் மலையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வான். காலியான மலை அடுத்து மேரியிடம் வரும். மேரி கடலை விட்டுவிட்டு மலைக்குப் போய்விடுவாள். பொய்க்குப் பரிசு முதல் சாய்ஸ்!

ஆனால் ஜானின் உண்மையான முதல் விருப்பமே மலையாக இருந்திருந்தால்? அவன் நகர்ந்திருக்க மாட்டான், மேரி தனக்குப் பிடிக்காத கடலில் மாட்டிக்கொண்டிருப்பாள். மற்றவர்களின் பட்டியல் தெரியாமல் இந்தச் சூதாட்டம் ஆபத்து. ஆனாலும், "உண்மையான வரிசையை எழுதினால் உங்களுக்கு நஷ்டமே இல்லை" என்ற அறிவுரை அந்தக் காலத்தில் கண்டிப்பாக உண்மை என்று சொல்ல முடியாது. கேட்கிற பக்கத்துக்கு மட்டும்தான் அது எப்போதும் உண்மை. 1980களின் தொடக்கத்திலேயே கணிதத்தில் இது நிரூபிக்கப்பட்டுவிட்டது.

1990களின் நடுவில் விஷயம் மாணவர்கள் காதுக்கு எட்டியது. மருத்துவ மாணவர் சங்கமும் நுகர்வோர் அமைப்பும் கேள்வி எழுப்பின. 1995இல் மேட்ச் நிர்வாகம் அந்த ராத்தையே கூப்பிட்டுப் புது முறை வடிவமைக்கச் சொன்னது. அவரும் எலியட் பெரன்சனும் சேர்ந்து, விண்ணப்பிக்கிறவர்கள் கேட்கிற மாதிரி திருப்பி எழுதினார்கள். 1998 மேட்ச் முதல் அதுதான் நடைமுறை.

எவ்வளவு பேருக்கு மாறியிருக்கும்? முந்தைய சில வருஷங்களின் உண்மையான பட்டியல்களை எடுத்து, புது முறையில் ஓட்டிப் பார்த்தார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் வருஷத்துக்குச் சுமார் இருபது பேர். ஆயிரத்தில் ஒருவர். அவ்வளவுதான்.

நம் உதாரணத்தில் மூன்றில் இரண்டு பேருக்கு மாறியதே, இங்கே ஏன் இல்லை? நேரில் ஒவ்வொருவரும் சில இடங்களில்தான் இன்டர்வியூ கொடுக்கிறார்கள், அதனால் பட்டியல் சின்னது. மேரியும் ஜானும் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ளும் விருப்பங்கள் அத்தனை பெரிய சந்தையில் அபூர்வம். பெரும்பாலானவர்கள் டேவிட்கள்.

பெரிய சண்டை போட்டு ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் பலனா என்று கேட்பீர்கள். அந்த ஒருவருக்கு அது வாழ்க்கை. மற்ற எல்லோருக்கும் கிடைத்தது, பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய விஷயம்.

இதையொட்டி ஒரு ஏமாற்றமான உண்மையும் சொல்லிடறேன். கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் இடம் நிரம்பவில்லை, கணக்கு முறையை மாற்றினால் நிரம்புமா என்று அங்கே பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிரம்பாது. ஒரு நிலையான ஏற்பாட்டில் காலியாக இருக்கும் இடம், அதே பட்டியலின் எல்லா நிலையான ஏற்பாட்டிலும் காலியாகத்தான் இருக்கும். யாரும் கிடைக்காமல் நிற்கிற மாணவரும் அப்படியே. இதையும் ராத் 1986இல் நிரூபித்தார். சம்பளமோ, வசதியோ, பயிற்சியோ மாறி, மாணவர்களின் மனசு மாறினால்தான் உண்டு.

நிலைத்தன்மையை விட்டுவிட்டு வேறு விதமாக நியாயம் பார்க்கலாமே என்று பிரிட்டனில் சில இடங்களில் செய்தும் பார்த்தார்கள். நியூகாசிலில் இரண்டு பக்க ரேங்கையும் பெருக்கி, குறைந்த எண் வந்த ஜோடிக்கு முன்னுரிமை. இரண்டு பேர் திருப்தியையும் சேர்த்துப் பார்க்கிறதே, நல்ல யோசனைதானே? ஆனால் ஒருவர் முதலாவதாகவும் மற்றவர் பதினைந்தாவதாகவும் எழுதிய ஜோடிக்கு 15. இரண்டு பேரும் நான்காவதாக எழுதிய ஜோடிக்கு 16. முதல் ஜோடி ஜெயிக்கும். கொஞ்ச வருஷத்தில் மாணவர்களும் கன்சல்டன்ட்களும் வெளியிலேயே பேசி முடித்துக்கொண்டு, பட்டியலில் ஒரே ஒரு பெயரை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. எடின்பரோவில் 1969இல் கொண்டுவந்த நிலையான முறை நீடித்தது.

நிலையான முறைக்கும் ஒரு இடத்தில் கால் தடுக்கும். கணவன் மனைவி இரண்டு பேரும் டாக்டர், ஒரே ஊரில் இடம் வேண்டும் என்று சேர்த்துப் பட்டியல் கொடுத்தால், நிலையான விடையே இல்லாமல் போகலாம். கல்யாணத்தை வைத்துச் சொன்ன கணக்கு, நிஜமான கல்யாணத்தைப் பார்த்ததும் திணறுகிறது. இப்போதைய முறை ஜோடிகளையும் சேர்த்துக்கொண்டு விடை தேடுகிறது, நடைமுறையில் கண்டுபிடித்தும் விடுகிறது. ஆனால் கணிதத்தின் உத்தரவாதம் அங்கே கிடையாது.

2012இல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளாதார நோபல் பரிசு. கேல் 2008லேயே இறந்துவிட்டார்.

மறுபடி ஜூனியர். இவ்வளவும் கேட்டுட்டு, "அப்ப ரெண்டாவது இடத்துக்காரங்களுக்கு நான் அவங்களை ரெண்டாவதா எழுதினது தெரியாதா?"ன்னாங்க. தெரியாது. கணக்கு என்ன செய்யும்னா, முதல்ல பெரிய இடத்தைக் கேட்கும். அங்கே இடமில்லைன்னா அதுக்கப்புறம் ரெண்டாவது இடத்துக்கு வரும். அப்ப அங்கே வேற யாரோ உட்கார்ந்திருந்தாலும், உன்னை அவங்க மேல வச்சிருந்தா அந்த ஆளை எழுப்பிட்டு உன்னை உட்கார வைக்கும். லேட்டா வந்ததுக்கு அபராதம் கிடையாது. 1951இல் இருந்த அபராதம் அது, இப்ப இல்லை. பெரிய இடத்தையே முதல்ல எழுதினாங்க.

மார்ச் மூணாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே ரிசல்ட். நம்ம ஊர்ல ராத்திரி. மெசேஜ் வந்தது: "ரெண்டாவது சார்."

போன் பண்ணினேன். குரல்ல கொஞ்சம் அழுகை இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. "முதல் இடத்துல என்னை எத்தனாவதா வச்சிருந்தாங்கன்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா சார்?"

இல்லைம்மா, அந்தப் பட்டியலை யாரும் காட்ட மாட்டாங்கன்னேன்.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், அந்த ஊர்ல ஜூன் மாசத்துக்குள்ள வீடு பார்க்கணும், தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க.